கல்வெட்டின் மூன்றாம் பந்தி

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கொக்குவிலில் தண்டவாளம் இல்லாத ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், அரையாண்டுத் தமிழ்ச் சோதனைக்கு அச்சடிக்கத் தாள் இல்லாமல் போனது. தாள் மட்டுமில்லை. படியெடுக்கிற ரோணியோ மெசினுக்கு மையும் இல்லை. மை கிடைத்திருந்தாலும் மெசின் ஓடாது. அதன் உருளையை யாரோ கழற்றிக்கொண்டு போய் வேறெதற்கோ பயன்படுத்திவிட்டார்கள்.

பதில் அதிபர் சண்முகநாதன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. நிரந்தர அதிபர் கண் காட்டவென்று கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், கண் சரியான பிறகும் திரும்பி வராத நாளிலிருந்து, பள்ளிக்கூடத்தில் இல்லாதவற்றுக்குப் பதிலாக இருப்பவற்றை வைத்துச் சமாளிப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. அவருடைய வீட்டு அலுமாரியில் ஒன்று மட்டும் நிறைய இருந்தது. அவருடைய மாமா அருளம்பலம் செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கவென்று அச்சடித்த நினைவுப் புத்தகம். ஊரில் அதைக் கல்வெட்டு என்பார்கள். வரவேண்டிய சொந்தக்காரர்கள் கனடாவிலும் கொழும்பிலும் நின்றுவிட்டதால் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடந்தது. அட்டையில் மாமாவின் படம். உள்ளே தேவாரம், வம்சாவளி, ஒப்பாரிப் பாடல்கள், அதோடு சண்முகநாதனே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு.

மார்கழியில் அரசாங்க ஓ.எல். சோதனை எழுதப் போகிற வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்வெட்டு எடுக்க வேண்டியது, நாலாம் பக்கத்தில் மூன்றாம் பந்தியை வாசிக்க வேண்டியது, கரும்பலகையில் எழுதிப் போட்ட கேள்விகளுக்குத் தங்கள் கொப்பித் தாளில் விடை எழுத வேண்டியது. தாள் பிரச்சினை தீர்ந்தது. மாமாவையும் நாலு பேர் நினைத்துப் பார்த்த மாதிரி ஆயிற்று.

இதைச் சண்முகநாதன் தமிழ் படிப்பித்த நாகேஸ்வரியிடம் சொன்னபோது அவள் நல்ல யோசனை என்றாள். அவர் எதைச் சொன்னாலும் நல்ல யோசனை என்று சொல்லவேண்டிய நிலைமை அவளுக்கு. நாகேஸ்வரி தொண்டர் ஆசிரியை. சம்பளம் இல்லாமல் மூன்று வருடமாக வந்து போகிறாள். இப்போதுதான் தொண்டர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப் போகிறார்கள் என்று கல்விக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அதற்கு அதிபரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதிபர் இல்லாத பள்ளிக்கூடத்தில் அது சண்முகநாதனின் கையில். அந்தக் கடிதம் நல்ல கடிதமாக வந்துவிட வேண்டும் என்ற யோசனையிலேயே அவள் காலையில் எழும்பினாள். அதே யோசனையில் சைக்கிள் ரயருக்குக் காற்றடித்தாள். அந்தப் பம் கூடப் பள்ளிக்கூடத்துப் பம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பாள், அடுத்த நாள் காலையில் காற்று இறங்கியிருக்கும்.

அந்தத் தவணை நாகேஸ்வரி படிப்பிக்க வந்தபோது அந்த வகுப்புக்கு ஒரு வியாதி இருந்தது. பந்தியைக் கொடுத்து, இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டால், எல்லோரும் முதல் வசனத்தைப் பார்த்து எழுதினார்கள். பின்னேரம் காசு கட்டிப் படிக்கிற ரியூட்டரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் வசனம், அது பிழைத்தால் கடைசி வசனம், அதுவும் பிழைத்தால் கடவுள். எழுதுகிறவர் எல்லோரும் முதல் வசனத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள் என்று பிள்ளைகள் நம்பினார்கள்.

வியாதியைச் சுகப்படுத்தியது அவளுடைய கெட்டித்தனம் இல்லை, ஏரம்பு கடைச் சரைதான். பாடப் புத்தகம் வராத காலம். வாசிக்கக் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்காமல், ஏரம்பு கடையில் சீனியும் மல்லியும் சரையாகச் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பர்த் துண்டுகளை விரித்துத் தடவி வகுப்புக்குக் கொண்டு போனாள். ஏரம்பர் பேப்பரைக் கிழிக்கிறபோது செய்தியின் தலையைப் பார்த்துக் கிழிப்பதில்லை. அநேகமாக எல்லாத் துண்டிலும் முதல் வசனம் மற்ற வீட்டுச் சீனியோடு போயிருக்கும். பிள்ளைகள் தலையில்லாத முண்டத்தை வைத்துக்கொண்டு, இது யாருடைய உடம்பு என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

முதல் நாள் கிடைத்தது வெங்காயத் துண்டு. அச்சுவேலிச் சந்தையில் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன, லொறிகள் வரவில்லை, விலை பாதியாக விழுந்தது, சிலர் வெங்காயத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று நாலு வசனம். மையக்கருத்து என்ன என்று கேட்டாள். வெங்காயம் என்றார்கள்.

"வெங்காயத்துக்கு என்ன?" என்றாள் நாகேஸ்வரி.

வெங்காயம் என்பது எதைப் பற்றிய பேச்சு என்பது மட்டும்தான், அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதுதான் மையக்கருத்து என்றாள். விலை விழுந்தது என்றான் ஒருத்தன். அப்படியென்றால் லொறி வராததை என்ன செய்வது, அது விலை விழுந்ததற்குள் அடங்குமா என்று கேட்டாள். அடங்கவில்லை, அது விலை விழுந்ததற்குக் காரணம். ஒவ்வொரு வசனத்தையும் பிடித்து, நீ தாங்குகிறவனா தாங்கப்படுகிறவனா என்று விசாரிக்கச் சொன்னாள். விசாரித்துப் பார்த்ததில் நாலுமே தாங்குகிற வசனங்கள், தாங்கப்படுகிறது கிழிந்து போயிருந்தது. கடைசியில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த அற்புதராணி என்ற பிள்ளை, பாதை அடைபட்டதால் விளைந்த வெங்காயத்தை விற்க முடியாமல் போயிற்று என்று தன் வசனத்தில் சொன்னாள். நாலு வசனமும் அதன் கீழே ஒழுங்காக வந்து நின்றன.

அதன் பிறகு முழுப் பந்தி கிடைத்தாலும் நாகேஸ்வரி முதல் வசனத்தை விரலால் மூடிவிட்டு வாசிக்கச் சொன்னாள். மிச்சத்தை வாசித்து, அவை எல்லாம் சேர்ந்து எதைத் தாங்குகின்றன என்று உன் வசனத்தில் எழுது. பிறகு விரலை எடுத்துப் பார். இரண்டும் ஒன்றென்றால் சந்தோஷம். ஒன்றில்லை என்றால், அதிகமான வசனங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அந்தப் பக்கம் போ. எந்தப் பக்கமும் சேராத வசனம் இருந்தால் அதைப் பிடித்து இழுக்காதே, தனியே வை.

இது நல்ல முறை. கல்வெட்டு வரும் வரை ஒரு குறையும் இல்லாத முறை.

சண்முகநாதன் எழுதிய மூன்றாம் பந்தி இப்படி இருந்தது:

"அமரர் அருளம்பலம் அவர்கள் ஈகையே உருவானவர். அவரது வளவில் இருந்த நன்னீர்க் கிணறு அயலெங்கும் பெயர் பெற்றது. அன்னார் அக்கிணற்றடிக்குப் படலையிட்டுப் பூட்டி, திறப்பைத் தம் இடுப்பிலேயே கட்டி வைத்து, ஒரு துளியும் வீண்போகாது காத்தார். தண்ணீர் கேட்டு வருவோரிடம் நீரின் அருமையை எடுத்துரைத்து, மாலையில் வருமாறு அன்புடன் அனுப்பி வைப்பார். மாலை வேளைகளில் அவர் தவறாது கோயிலுக்குச் சென்றுவிடும் பக்திமான். கொடிய கோடையிலும் அவரது புகையிலைக் கன்றுகள் ஒருநாளேனும் வாடியதில்லை. வேலிக்கு வெளியே தொங்கிய மாங்காயைப் பறித்த சிறாரையும் பெயர் சொல்லி அழைத்து, பெற்றோரிடம் கூட்டிச் சென்று ஒப்படைத்த பண்பாளர். ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவுக்கு அவரது வளவிலிருந்து சென்ற தேங்காய் மூட்டையை ஊர் இன்றும் நினைவுகூர்கிறது."

கேள்வி மூன்று. பந்தியின் மையக்கருத்தை ஒரு வசனத்தில் எழுதுக. அதை வலியுறுத்தும் விவரங்கள் இரண்டு தருக. பொருத்தமான தலைப்பு இடுக. விடைத்திட்டத்தையும் சண்முகநாதனே எழுதி, மடித்து, நாகேஸ்வரியிடம் கொடுத்தார். மையக்கருத்து: அருளம்பலம் ஈகை மிக்கவர். விவரங்கள்: கிணறு, தேங்காய். தலைப்பு: கொடை வள்ளல்.

சோதனை நடந்தபோது வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஒருத்தனைத் தவிர எல்லோரும் இடது கைச் சுட்டு விரலை நாலாம் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற சண்முகநாதன், மாமாவின் வாழ்க்கையைப் பிள்ளைகள் விரல் வைத்து ஊன்றி வாசிக்கிறார்கள் என்று நினைத்து மனம் நிறைந்து போனார்.

விடைத்தாள்களை நாகேஸ்வரி ஆசிரியர் அறை மேசையில் வைத்துத் திருத்தத் தொடங்கினாள். முதல் தாளில் மையக்கருத்து: அருளம்பலம் ஒரு கஞ்சன். இரண்டாவது தாளிலும் கஞ்சன். மூன்றாவதில் பெரிய கஞ்சன். நாலாவது பிள்ளை மரியாதை தெரிந்த பிள்ளை, அமரர் அருளம்பலம் அவர்கள் கஞ்சர் ஆவார் என்று எழுதியிருந்தது. தலைப்புகள்: தண்ணீர் தராத மாமனிதர், மாங்காய்க்கு வழக்கு, மாலையில் வா.

அற்புதராணியின் தாள் நடுவில் கிடந்தது. அவள் எழுதியிருந்தாள்: "அருளம்பலம் தன்னுடைய உடைமையைப் பிறர் தொடுவதை விரும்பாதவர்." விவரங்கள்: கிணற்றடியைப் பூட்டி வைத்தமை, தான் வீட்டில் இல்லாத நேரத்துக்குப் பிறரை வரச் சொன்னமை. தலைப்பு: பூட்டிய கிணறு. அடியில் ஒரு குறிப்பு: "முதல் வசனம் ஈகை என்கிறது. தேங்காய் வசனம் மட்டும்தான் அதைத் தாங்குகிறது. அந்த வசனம் மற்ற வசனங்களோடு சேரவில்லை. ஆகவே தனியே வைத்தேன்."

நாகேஸ்வரி மற்றத் தாள்களையும் புரட்டினாள். எல்லாம் சரி. அவள் சொல்லிக் கொடுத்தபடியே சரி.

விடைத்திட்டத்தின்படி முழுப் புள்ளி எடுத்தவன் ஒரே ஒருத்தன், அடைக்கலநாதன். அவனுக்கு அந்தத் தவணை முழுக்க மலேரியா. ஒரு சரைத் துண்டையும் அவன் கண்டதில்லை. சோதனையன்று எழும்பி வந்து, பழைய ரியூட்டரி வழக்கப்படி முதல் வசனத்தைப் பார்த்து எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பவும் படுத்துவிட்டான்.

அவள் சிவப்புப் பேனையை எடுத்து முதல் தாளில் பிழை போடப் பார்த்தாள். போட்டால் இவர்கள் மார்கழிச் சோதனைக்குப் போய் விரலை எடுத்துவிட்டு முதல் வசனத்தை எழுதுவார்கள். போடாவிட்டால் கடிதம் இல்லை. பேனை மூடி கழற்றியபடியே கிடந்து காய்ந்தது. அந்தப் பேனை காய்ந்துபோனால் வேறு வாங்க இடமில்லை என்பது ஞாபகம் வந்து மூடினாள். பிறகு தாள்களை அடுக்கிக்கொண்டு சண்முகநாதனின் அறைக்குப் போனாள்.

சண்முகநாதன் ஒவ்வொரு தாளாக வாசித்தார். கோபப்படவில்லை. கோபத்தை விட மோசமாக, ஆறுதலாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். மாலையில் வா என்ற தலைப்பு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"ரீச்சர், இந்தப் பந்தியை எழுதினது ஆர்?"

"நீங்கள்தான் சேர்."

"அப்ப இதின்ரை மையக்கருத்து ஆருக்குத் தெரியும்?"

நாகேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு எழுதினவரின் மனது தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும் என்று மெல்லச் சொன்னாள். ஈகை என்று ஒரு வசனம் சொல்கிறது. பூட்டு, திறப்பு, மாலை, மாங்காய் எல்லாம் மற்றப் பக்கம் நிற்கின்றன. மார்கழிச் சோதனையில் வருகிற பந்தியை எழுதினவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

பூட்டினது தண்ணீரை வீணாக்காமல் காக்க என்றார் அவர். காத்து யாருக்குக் கொடுத்தார் என்று பந்தியில் இல்லை என்றாள் அவள். புகையிலைக்குக் கொடுத்தது இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்த சண்முகநாதன், அது எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று பாதியில் கண்டு, வாயை மூடிக்கொண்டார்.

"திட்டத்தின்படி புள்ளியைப் போட்டுக் கொண்டுவாங்கோ. உங்கடை கடிதமும் எழுதோணும். ரெண்டையும் ஒண்டாய் முடிப்பம்."

"போட ஏலாது, சேர்" என்றாள் நாகேஸ்வரி. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்காரச் சொல்லாமலே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி அன்று மத்தியானமே மதில் தாண்டிவிட்டது. அருளம்பலத்தின் மனைவி பராசக்தி பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே பெரிய மதில் வீட்டில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவளுடைய புருசனைக் கஞ்சன் என்று எழுதியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவள் ஆளனுப்பினாள். மருமகனும் அந்த ரீச்சரும் எழுதின தாளோடு வர வேண்டுமாம்.

சண்முகநாதன் முன்னால் நடந்தார். படலையடியில் நின்று, மாமிக்கு நெஞ்சு பெலவீனம், கெட்ட வார்த்தை உள்ள தாள்களை எடுக்க வேண்டாம், அற்புதராணியின் தாளை மட்டும் வாசித்தால் போதும் என்றார். நாகேஸ்வரி தலையாட்டினாள். கடிதம் இனி இல்லை என்று முடிவாகிவிட்டபடியால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது.

பராசக்தி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தாள். கண்ணில் வெள்ளை படர்ந்து பல காலம். கல்வெட்டு அச்சடித்து வந்தபோது அட்டையைத் தடவிப் பார்த்ததோடு சரி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. முதலில் அதை வாசி என்றாள். நாகேஸ்வரி மூன்றாம் பந்தியை வாசித்தாள். பராசக்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு தடவை மட்டும், திறப்பு என்ற இடத்தில், தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அது இப்போது அங்கே தொங்கியது.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் மாமி" என்றார் சண்முகநாதன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆளைக் கண்ட மாதிரி இருக்கு."

சண்முகநாதன் நாகேஸ்வரியைப் பார்த்தார். இப்ப பார் என்பது போன்ற பார்வை. அடுத்ததாக அற்புதராணியின் விடையை வாசிக்கச் சொன்னாள் பராசக்தி. தன்னுடைய உடைமையைப் பிறர் தொடுவதை விரும்பாதவர் என்று வாசித்துவிட்டு நாகேஸ்வரி நிறுத்தினாள். மேலே வாசி என்று பராசக்தி கையைக் காட்டினாள். தேங்காய் வசனம் சேரவில்லை, தனியே வைத்தேன் என்ற குறிப்பு வரைக்கும் வாசித்து முடிந்தது.

"உந்தப் பிள்ளை எங்கடை ஊரே?"

"இல்லை அம்மா. குருநகர்."

"அப்ப எப்பிடித் தெரியும், தேங்காய் அவர் குடுக்கேல்லை எண்டு?"

தெரியாது, மற்ற வசனங்களோடு பொருந்தவில்லை என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாள் என்றாள் நாகேஸ்வரி.

"பொருந்தாது" என்றாள் பராசக்தி. "அது நான் குடுத்தது. தேரண்டு விடியப்புறம் அவர் தோட்டத்துக்குப் போனாப் பிறகு, மதிலாலை தூக்கிக் குடுக்கிறனான். ஒரு வருசமும் அவருக்குத் தெரியாது."

வள்ளலுக்குச் சண்முகநாதனிடம் மிஞ்சியிருந்த ஒரே தூண் மாமியின் பக்கம் சாய்ந்துவிட்டது. என்றாலும் அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். மாமாவைக் கஞ்சன் என்று எழுதின பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை எப்படி விடுவது என்று கேட்டார். அந்தத் தாள்களை எடுக்க வேண்டாம் என்று சொன்னவரே பேச்சை அங்கே கொண்டுபோனார்.

புருசனைப் பற்றிய விஷயம், அவசரப்படக் கூடாது என்ற மாதிரிப் பராசக்தி யோசித்தாள்.

"அது பிழை. கஞ்சன் எண்டால் தானும் சாப்பிடமாட்டான். உவர் நல்லாய்ச் சாப்பிட்டவர், தன்ரை பயிருக்குத் தண்ணியும் நல்லாய் வாத்தவர், மற்றவன்தான் தொடக்கூடாது. கஞ்சன் எண்டு எழுதினவைக்குப் பாதிப் புள்ளி போடு. உந்தக் குருநகர்ப் பெட்டைக்கு முழுப் புள்ளி."

நாகேஸ்வரி தாளின் மூலையில் அதைக் குறித்துக்கொண்டாள். புகையிலை வசனம் அதற்குத்தான் அங்கே நிற்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. அது கஞ்சன் என்ற விடையைத் தாங்காது. அற்புதராணியின் விடையை மட்டும்தான் தாங்கும்.

வெளிக்கிடும்போது பராசக்தி திறப்பை அவிழ்த்துக் கொடுத்து, வெய்யிலுக்குள் வந்த ஆட்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்து முடித்ததும் பூட்டிப்போட்டுத் திறப்பைத் தா என்றும் சொன்னாள்.

அடுத்த நாள் சண்முகநாதன் விடைத்திட்டத்தைத் திருப்பி வாங்கி, அவர் கையாலேயே வெட்டித் திருத்தினார். கொடை வள்ளல் போய்ப் பூட்டிய கிணறு வந்தது. அடைக்கலநாதனுக்குத் தலைப்புக்குக்கூடப் புள்ளி மிஞ்சவில்லை. மிச்சக் கல்வெட்டுகளை வேறு வகுப்புக்குக் கொடுக்கிற யோசனையையும் அவர் கைவிட்டார். இதையெல்லாம் அவர் அவளைப் பார்க்காமலே செய்ததால், நாகேஸ்வரி கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

விண்ணப்பம் கொடுக்கிற கடைசி நாளுக்கு முதல் நாள், அவர் அவளைக் கூப்பிட்டு ஒரு கடித உறையைக் கொடுத்தார். ஒட்டவில்லை. தான் மறைவாக ஒன்றும் எழுதுகிறவனில்லை, வாசித்துப் பார்த்துவிட்டே கொண்டு போகலாம் என்றார்.

நாகேஸ்வரி ரயில் பாதையோரம் சைக்கிளை நிறுத்தி வாசித்தாள்.

"செல்வி நாகேஸ்வரி மேலிடத்தின் சொல்லுக்கு அமைந்து நடப்பவர் அல்லர். சென்ற ஆண்டு ஹெலி சுட்ட அன்று எல்லோரும் உடனே வீடு செல்லுமாறு நான் பணித்தும், பெற்றோர் வந்து சேராத பிள்ளைகளுடன் இருள்படும்வரை பங்கருக்குள் இருந்தார். வெண்கட்டி தீர்ந்துவிட்டது, எழுத்து வேலை வேண்டாம் என்று அறிவித்தும், புதிதாக வெள்ளையடித்த சுவரில் அடுப்புக்கரியால் எழுதிக் கற்பித்தார். தொண்டர்கள் விடுமுறையில் வரத் தேவையில்லை என்று கூறியும், ஓ.எல். பிள்ளைகளுக்கென வந்தார். நூல்கள் வரும்வரை பொறுத்திருக்குமாறு கூறியும், கடைச் சரைகளைக் கொண்டு வாசிப்புப் பழக்கினார். நான் தந்த விடைத்திட்டத்தை ஏற்க மறுத்து, பிள்ளைகள் எழுதியதன் பக்கம் நின்றார். பாடசாலையின் சைக்கிள் பம்மைக் கொண்டு சென்று இதுவரை திருப்பித் தரவில்லை."

முதல் வசனத்தை வாசித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மிச்சத்தை வாசித்தபோது அழுகை நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. மனிசன் குற்றப்பத்திரிகைதான் எழுதப் பார்த்திருக்கிறார். மாமாவுக்கு எழுதினது போலவே இதற்கும் எழுதியிருக்கிறார். ஆனால் கந்தோரில் இதை விரல் வைத்து வாசிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு கட்டுக் கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டு அடுத்ததை எடுக்கும். அப்படித்தான் எல்லோரும் வாசிப்பார்கள். அவள் நெடுகப் பயந்தபடியே சைக்கிளை மிதித்தாள்.

கந்தோரில் விண்ணப்பங்களை வாங்கினவர் தியாகராசா என்ற அதிகாரி. இந்தக் கதிரைக்கு வர முதல், கனகாலம் ஓ.எல். தமிழ் விடைத்தாள் திருத்தின மனிதர். கடிதத்தை எடுத்தார். முதல் வசனம் முடிந்ததும் கண்ணாடிக்கு மேலால் அவளை ஒரு தரம் பார்த்தார். நாகேஸ்வரி கதவைப் பார்த்தாள். அவர் திரும்பக் குனிந்து மிச்சத்தை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுத் திரும்பவும் தொடக்கத்துக்குப் போனார். பிறகு, மேசையில் கிடந்த ஒற்றுத்தாளை எடுத்து முதல் வசனத்தின் மேல் வைத்துவிட்டு, இன்னொரு தரம் வாசித்தார்.

"பிள்ளை, நீர் தமிழ்தானே படிப்பிக்கிறது? இதின்ரை மையக்கருத்து என்ன?"

"மேலிடத்துக்கு அடங்காத ஆள் எண்டு முதல் வசனம் சொல்லுது, சேர்."

"அதை நானும் வாசிச்சனான். மையக்கருத்தைக் கேட்டனான்."

மற்ற வசனங்கள் அதை மட்டும் தாங்கவில்லை, அதைவிடப் பெரிய ஒன்றைத் தாங்குகின்றன என்றாள் அவள். பெரியது எது என்று கேட்டார் அவர். அதைத் தானே தன் வாயால் சொன்னால் அழகில்லை என்றாள். சொல்லாத விடைக்குப் புள்ளி போடுகிற வழக்கம் தனக்கில்லை என்றார் தியாகராசா.

நாகேஸ்வரி பங்கரை நினைத்தாள், கரிச் சுவரை நினைத்தாள், சரைகளை நினைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே போடக்கூடிய ஒரு வசனத்தைத் தேடினாள். கெட்டிக்காரி என்றால் பங்கர் அடங்காது. துணிச்சல்காரி என்றால் சரை அடங்காது.

"பிள்ளையளை விட்டிட்டுப் போகத் தெரியாதவ" என்றாள்.

தியாகராசா அந்த வசனத்தை ஒவ்வொரு வரிக்கும் மேலே வைத்துப் பார்ப்பது போல, பேனையால் கடிதத்தை மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டு போனார். கடைசி வரியில் பேனை நின்றது.

"பம் எங்கை பொருந்துது?"

"அது பொருந்தாது, சேர். தனிய வைக்கோணும்."

"எங்கை?"

"பதில் அதிபரின்ரை மேசையிலை."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தின் மூலையில் பரிந்துரை ஏற்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்து வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் நாகேஸ்வரி சைக்கிளுக்குக் கடைசித் தரம் காற்றடித்துவிட்டு, பம்மைத் துடைத்துக் கொண்டுபோய்ச் சண்முகநாதனின் மேசையில் வைத்தாள். அவர் பம்மின் கைப்பிடியை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். காற்று வந்தது. கந்தோரில் என்ன நடந்தது என்று விசாரித்தார். தன்னை எடுத்துவிட்டார்கள் என்றாள். அவர் பம்மை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அந்தக் கடிதத்திலை முதல் வசனம் கொஞ்சம் கடுமையாய்ப் போச்சு, ரீச்சர்" என்றார், லாச்சியைப் பார்த்தபடி.

"பரவாயில்லை சேர். கந்தோரிலை இருந்தவர் அதை மூடிப்போட்டுத்தான் வாசிச்சவர்."